டிஸ்லைக்கையும் நாட் இன்ட்ரஸ்டட்டையும் எப்படிப் படிப்பது: ஒரு பேசுபொருள் உங்கள் பார்வையாளருக்கு ஒத்துவருகிறதா என்று கண்டறியும் முழுமையான வழிகாட்டி

வீடியோ போட்டு இரண்டு நாள் ஆகிறது. டிஸ்லைக் வழக்கத்தைவிட அதிகம். உடனே வரும் முடிவு, "இந்த விஷயம் நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, இனித் தொட வேண்டாம்" என்பது. இன்னொரு வீடியோவில் டிஸ்லைக்கே இல்லை, லைக்குகள்தான். "இது எடுபடுகிறது, தொடரலாம்" என்று அதே மாதிரி பத்து வீடியோ திட்டமிடுகிறோம். இந்த இரண்டு முடிவும் தலைகீழாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஏன் அப்படி, சரியாகப் படிக்க என்னென்ன படிகள் என்பதை யூடியூப் சேனல் ஒன்றை வைத்துப் பார்ப்போம். மற்ற தளங்களில் பொத்தான்களின் பெயர் மாறலாம், யோசிக்கும் முறை பெரும்பாலும் இதேதான்.

முதலில், எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது

டிஸ்லைக் பொத்தான் வீடியோவின் பக்கத்தில் இருக்கிறது. அதை அழுத்த வேண்டுமென்றால் ஒருவர் தம்ப்நெயிலைத் தொட்டு உள்ளே வந்திருக்க வேண்டும். அதாவது, பேசுபொருள் அவரை ஏதோ ஒரு அளவில் இழுத்திருக்கிறது. உள்ளே வந்த பிறகுதான் ஏமாற்றமோ கோபமோ வந்திருக்கிறது.

`Not interested` அப்படி இல்லை. முகப்பில் தம்ப்நெயிலுக்குக் கீழே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் வருவது அது. அதற்குப் பக்கத்திலேயே `Don't recommend channel` என்பதும் இருக்கும். இரண்டையும் வீடியோவைத் திறக்காமலே அழுத்தலாம். பேசுபொருளே வேண்டாம் என்று நினைப்பவர் செய்வது இதைத்தான். இன்னும் பொதுவாக அவர் செய்வது அதைவிட எளிது: ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போவது.

இங்கேதான் சிக்கல். டிஸ்லைக் எண்ணிக்கையை சேனல் வைத்திருப்பவர், சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டூடியோவில் பார்க்கலாம். 2021 நவம்பரில் யூடியூப் அதைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டாலும் உங்களுக்கு இன்னும் தெரியும். ஆனால் எத்தனை பேர் நாட் இன்ட்ரஸ்டட் அழுத்தினார்கள் என்பது உங்களுக்குக் காட்டப்படுவதில்லை. பேசுபொருளைப் பற்றி நேராகச் சொல்லும் சைகை மறைந்திருக்கிறது, சுற்றி வளைத்துச் சொல்லும் சைகை கண்ணெதிரே இருக்கிறது. கண்ணில் படுவதையே எல்லோரும் படிக்கிறோம்.

நாட் இன்ட்ரஸ்டட்டிலும் ஒரு உட்பிரிவு உண்டு. அதை அழுத்தியதும் காரணம் சொல்ல ஒரு வாய்ப்பு வரும். ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்பது ஒன்று, பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. உங்கள் வீடியோவை ரசித்து முழுதாகப் பார்த்த ஒருவர்கூட, "இதையே ஏன் திரும்பக் காட்டுகிறாய்" என்று அதை அழுத்தியிருக்கலாம். ஆக, அந்த எண் கையில் கிடைத்தாலும் அப்படியே வெறுப்பாக எண்ணிவிட முடியாது.

மறுப்பு வரும் மூன்று இடங்கள்

இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு பிரிவினையை வைத்துத்தான் போகிறது. ஒரு பார்வையாளர் உங்களை மூன்று இடங்களில் மறுக்கலாம்.

வாசலுக்கு வெளியே: தம்ப்நெயில் கண்ணில் படுகிறது, தொடவில்லை. நாட் இன்ட்ரஸ்டட்டும் இங்கேதான். பேசுபொருள் மீதான மறுப்பு பெரும்பாலும் இந்த இடத்தில் நடக்கும்.

வாசற்படியில்: தொட்டு உள்ளே வருகிறார், முதல் அரை நிமிடத்துக்குள் போய்விடுகிறார். தலைப்பும் தம்ப்நெயிலும் சொன்னது ஒன்று, உள்ளே கண்டது வேறொன்று.

வீட்டுக்குள்ளே: உட்கார்ந்து பார்க்கிறார், பிறகு டிஸ்லைக் போடுகிறார் அல்லது சப்ஸ்கிரைப்பை எடுத்துவிடுகிறார். சொன்ன விதம், சொன்ன கருத்து, சொல்லாமல் விட்டது, நீளம், இதில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை.

டிஸ்லைக் மூன்றாவது இடத்துக்கு உரியது. அதை வைத்து முதல் இடத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

படி 1: உங்கள் சேனலின் வழக்கத்தை எழுதி வையுங்கள்

ஒரு எண் நல்லதா கெட்டதா என்பதை வேறு சேனலோடு ஒப்பிட்டு அறிய முடியாது. சமையல் வீடியோவுக்கும் அரசியல் விவாதத்துக்கும் டிஸ்லைக் விகிதம் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் கடைசிப் பத்து வீடியோக்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண் போதும்.

முதலாவது டிஸ்லைக் விகிதம். எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள், இப்படிக் கணக்கிடுங்கள்:

```
டிஸ்லைக் விகிதம் = டிஸ்லைக் ÷ (லைக் + டிஸ்லைக்)
```

வியூஸால் வகுக்க வேண்டாம். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. தொடும் பழக்கமோ பார்வையாளர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து மாறும். தொட்டவர்களுக்குள் எத்தனை பேர் கீழ்நோக்கி அழுத்தினார்கள் என்பதே ஒப்பிடத் தக்கது.

இரண்டாவது, முதல் 48 மணி நேரத்தில் முகப்பில் கிடைத்த சிடிஆர், அதாவது தம்ப்நெயில் காட்டப்பட்ட தடவைகளில் எத்தனை சதவீதம் தொடப்பட்டது என்பது. ஸ்டூடியோவில் `Browse features` என்ற வரியில் இது இருக்கும். எல்லா வழிகளையும் சேர்த்த மொத்த சிடிஆர் வேண்டாம். தேடி வருபவர் ஏற்கெனவே அந்த விஷயத்தைத் தேடுபவர், அவர் தொடுவதில் வியப்பில்லை. முகப்பில் தானாக எதிரே வரும்போது உங்கள் ஆட்கள் தொடுகிறார்களா என்பதே கேள்வி. முதல் 48 மணி நேரம் என்று வெட்டுவதற்கும் காரணம் உண்டு. ஆரம்பத்தில் வீடியோ பெரும்பாலும் உங்களை ஏற்கெனவே பார்ப்பவர்களுக்குக் காட்டப்படும். பரவப் பரவ, உங்களைத் தெரியாதவர்களுக்கும் போகும், சிடிஆர் தானாகவே இறங்கும். ஒரு மாதம் ஆன வீடியோவின் சிடிஆரை நேற்றைய வீடியோவோடு ஒப்பிட்டால் எப்போதும் புதியதே வென்றதாகத் தெரியும்.

மூன்றாவது, 30 விநாடி முடிவில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் வரைபடத்துக்கு அருகிலேயே இதைச் சொல்லிவிடும்.

நான்காவது, அந்த வீடியோவால் போன சப்ஸ்கிரைபர்கள், `Subscribers lost`. ஸ்டூடியோ அனலிட்டிக்ஸின் அட்வான்ஸ்டு மோடில் இந்த நெடுவரிசையைச் சேர்க்க வேண்டியிருக்கும். வந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள்.

பத்து வீடியோவுக்கும் எழுதியதும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் நடு எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம். ஏதோ ஒரு வீடியோ எதிர்பாராமல் ஓடியிருந்தால் சராசரி அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

படி 2: எண் சிறியதா என்று பாருங்கள்

இருபது பேர் பொத்தானை அழுத்தி அதில் ஐந்து டிஸ்லைக் என்றால் 25 சதவீதம். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அடுத்த இருபது பேரில் ஒருவர் மட்டும் டிஸ்லைக் போடலாம். சின்ன எண்ணிக்கையில் சதவீதம் குதிக்கும்.

ஒரு எளிய தோராயம் இருக்கிறது. லைக்கும் டிஸ்லைக்கும் சேர்ந்த மொத்த வாக்குகளின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால் கிடைப்பது, இரண்டு பக்கமும் விட வேண்டிய இடைவெளி. 25 வாக்கு என்றால் 20 சதவீதம், 100 என்றால் 10, 400 என்றால் 5. டிஸ்லைக் விகிதம் குறைவாக இருக்கும்போது உண்மையான இடைவெளி இதைவிடச் சிறியது, அதனால் இது கொஞ்சம் தாராளமான கணக்குதான். அவசர முடிவைத் தடுக்க அந்தத் தாராளம் நல்லது. உங்கள் வழக்கமான விகிதம் இந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்தால், டிஸ்லைக் எதையும் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

புதிதாக ஆரம்பித்த சேனலில் ஒரு வீடியோவுக்கு முப்பது வாக்குகூட வராது. அங்கே டிஸ்லைக் விகிதத்தைக் கணக்கிடவே வேண்டாம் என்பது என் கருத்து. கமெண்ட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதும், ரிடென்ஷன் எங்கே விழுகிறது என்பதும் அதைவிட அதிகம் சொல்லும்.

படி 3: டிஸ்லைக் எப்போது வந்தது என்று பிரியுங்கள்

மொத்த எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அட்வான்ஸ்டு மோடில் நாள்வாரியாகப் பிரித்தால் முதல் 48 மணி நேரம், அதற்குப் பிறகு என்று இரண்டு கூறாக வைக்கலாம். முதல் கூறு பெரும்பாலும் உங்கள் பழைய பார்வையாளர்கள். இரண்டாவது கூறில் புதியவர்கள் பங்கு கூடும். எந்தக் கூறில் டிஸ்லைக் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கூடவே அதே நாட்களின் வியூஸையும் பாருங்கள். வியூஸ் ஏறாமல், பார்த்த நேரமும் ஏறாமல், டிஸ்லைக் மட்டும் சில மணி நேரத்தில் குவிந்திருந்தால் அது யாரோ கூட்டமாக வந்து அழுத்தியது. வீடியோவைப் பார்க்காமலே அழுத்திவிட்டுப் போகிறார்கள். பொதுப் பார்வையிலிருந்து டிஸ்லைக் எண்ணை மறைக்க யூடியூப் சொன்ன காரணமே இதுதான். சோதித்துப் பார்த்தபோது எண் மறைந்தால் இப்படிப்பட்ட தாக்குதல் குறைந்தது என்றும், சிறிய சேனல்களே இதில் அதிகம் அடிபடுகின்றன என்றும் சொன்னார்கள். அந்தக் கூட்டம் உங்கள் பார்வையாளர் அல்ல. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு துயரச் செய்தியையோ, கட்டணம் உயர்ந்ததையோ சொல்லும் வீடியோவுக்கு வரும் டிஸ்லைக் பல நேரம் அந்தச் செய்தியின் மீது. சொன்னவர் மீதும் இல்லை, சொன்ன விதத்தின் மீதும் இல்லை. கமெண்ட்டுகளைப் படித்தால் உடனே தெரிந்துவிடும்.

படி 4: மறைந்திருக்கும் நாட் இன்ட்ரஸ்டட்டை அதன் நிழலில் தேடுங்கள்

எண் கிடைக்காது என்றாலும் விளைவு கிடைக்கும். பேசுபொருளை மக்கள் வாசலிலேயே மறுக்கிறார்கள் என்றால் இரண்டு அடையாளங்கள் சேர்ந்து வரும்.

ஒன்று, முதல் 48 மணி நேர முகப்பு சிடிஆர் உங்கள் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கீழே இருக்கும். இம்ப்ரெஷன் என்பது தம்ப்நெயிலின் பாதிக்கு மேல் திரையில் தெரிந்து, ஒரு விநாடிக்கு மேல் நின்றால்தான் எண்ணப்படும். ஆகவே குறைந்த சிடிஆர் என்பது கண்ணில் படும் அளவுக்குக் காட்டியும் தொடாமல் போனவர்களின் கணக்கு. நோட்டிபிகேஷன் வழியாக வந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மணியை அழுத்தி வைத்திருக்கும் தீவிர ரசிகர்கள் எதைப் போட்டாலும் வருவார்கள். முதல் நாள் வியூஸ் நன்றாகத் தெரிவது அவர்களால்தான் இருக்கும்.

இரண்டு, இம்ப்ரெஷன்கள் சீக்கிரமே வற்றிவிடும். பரிந்துரை அமைப்பு தொடுதல், பார்த்த நேரம், லைக், டிஸ்லைக், பகிர்தல், பார்வையாளரிடம் கேட்கும் திருப்திக் கருத்துக்கணிப்பு என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. அதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாது. ஆனால் அதன் முடிவு இம்ப்ரெஷன் வரைபடத்தில் தெரியும். வழக்கமான வீடியோக்கள் ஒரு வாரம் மெல்ல இறங்கும் இடத்தில் இது மூன்றாம் நாளே தரை தட்டினால், காட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குக் காரணம் இருக்கிறது: தம்ப்நெயில் மோசமாக இருந்தாலும் இதே இரண்டு அடையாளங்களும் வரும். பேசுபொருளைக் குற்றம் சொல்வதற்கு முன் அதை விலக்க வேண்டும். ஸ்டூடியோவில் `Test & compare` வசதி இருந்தால் மூன்று தம்ப்நெயில் வரை ஒரே நேரத்தில் ஓட விடலாம். மூன்றும் ஒன்றின் சாயலாக இருக்கக் கூடாது. ஒன்று முகத்தை வைத்து, ஒன்று பொருளை வைத்து, ஒன்று வெறும் கேள்வியை வைத்து என்று நிஜமாகவே வேறுபட வேண்டும். அது வெற்றியைப் பார்த்த நேரத்தில் அளக்கிறது, சிடிஆரில் அளக்கவில்லை, அதனால் முடிவோடு சிடிஆரையும் தனியே பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தம்ப்நெயிலும் உங்கள் வழக்கத்தை எட்டவில்லை என்றால் மறுப்பு பேசுபொருள் மீதுதான் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

நாட் இன்ட்ரஸ்டட் அழுத்தினால் யூடியூப் உடனே கேட்டுக்கொள்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மொஸில்லா அறக்கட்டளை 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இருபதாயிரத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் பங்கெடுத்தார்கள். நாட் இன்ட்ரஸ்டட் அழுத்துவது வேண்டாத பரிந்துரைகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் தடுத்தது, சேனலையே பரிந்துரைக்க வேண்டாம் என்று அழுத்துவது சுமார் 43 சதவீதத்தைத் தடுத்தது என்று அதில் கண்டார்கள். சேனல் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பேசுபொருள் வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லியும் தொடர்ந்து எதிரே வந்தால், சிலர் அடுத்ததாக வலுவான பொத்தானுக்குப் போவார்கள். அது உங்கள் ஒரு வீடியோவை மட்டும் மறைக்காது, சேனலையே மறைக்கும்.

படி 5: வாசற்படியைச் சோதியுங்கள்

சிடிஆர் வழக்கம் போல, ஆனால் 30 விநாடி எண் பத்து சதவீதப் புள்ளிக்கு மேல் விழுந்திருக்கிறது என்றால், பேசுபொருள் ஆட்களை இழுத்துவிட்டது, தலைப்பு வேறெதையோ வாக்குக் கொடுத்துவிட்டது. இதற்கு மருந்து சுலபம். வீடியோவின் முதல் இரண்டு வாக்கியத்தைத் தலைப்போடு சேர்த்துப் படியுங்கள். தலைப்பில் கேட்ட கேள்வியை அந்த இரண்டு வாக்கியமும் தொடவில்லை என்றால் அங்கேதான் போகிறார்கள். தலைப்பை மாற்றலாம் அல்லது அடுத்த முறை தொடக்கத்தை மாற்றலாம். பேசுபொருளைக் கைவிடக் காரணம் எதுவும் இல்லை.

ஒரு சேனல், இரண்டு வீடியோ: முழுக் கணக்கு

எண்கள் விளங்குவதற்காக நானே அமைத்த ஓர் உதாரணம் இது. சைக்கிளைப் பழுது பார்ப்பது, பராமரிப்பது பற்றிய சேனல் ஒன்று. அதன் வழக்கம்: 400 லைக்குக்கு 12 டிஸ்லைக், அதாவது 3 சதவீதம். முதல் 48 மணி நேர முகப்பு சிடிஆர் 6.2. முப்பது விநாடி முடிவில் 68 சதவீதம் பேர் இருக்கிறார்கள். நான்காம் நாளில் 6,000 இம்ப்ரெஷன் வரும்.

முதல் வீடியோ மின்சார சைக்கிள் பற்றியது. தலைப்பு, "மின்சார சைக்கிள் வாங்கலாமா?" மூன்று வாரத்தில் 260 லைக், 65 டிஸ்லைக். விகிதம் 20 சதவீதம், வழக்கத்தைப் போல ஆறேழு மடங்கு. சேனலை நடத்துபவர் மின்சார சைக்கிள் பேச்சையே விட்டுவிட நினைக்கிறார்.

இப்போது பிரிப்போம். முதல் 48 மணி நேரத்தில் 150 லைக், 8 டிஸ்லைக். விகிதம் 5 சதவீதம். வாக்குகள் 158, வர்க்கமூலம் சுமார் 12.6, இடைவெளி 8 சதவீதம். வழக்கமான 3 அதற்குள் நன்றாகவே அடங்குகிறது. ஆக, பழைய பார்வையாளர்கள் எதையும் எதிர்க்கவில்லை. முகப்பு சிடிஆர் 5.9, முப்பது விநாடி எண் 66. இரண்டும் வழக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாசலில் மறுப்பு இல்லை.

48 மணி நேரத்துக்குப் பிறகு 110 லைக், 57 டிஸ்லைக். விகிதம் 34 சதவீதம். இடைவெளி விட்டாலும் 26-க்குக் கீழே வராது. பிரச்சினை முழுக்க இந்தக் கூறில். இந்த நாட்களில் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் பெரும்பகுதி `Suggested videos`. எந்த வீடியோக்களுக்குப் பக்கத்தில் இது காட்டப்பட்டது என்ற பட்டியலைத் திறந்தால், அத்தனையும் மின்சார சைக்கிள் மாடல்களை ஒப்பிடும் வீடியோக்கள். ரிடென்ஷன் நான்காம் நிமிடத்தில் சரிகிறது. அங்கேதான் பேட்டரியை எப்படிப் பாதுகாப்பது என்ற பகுதி தொடங்குகிறது. கமெண்ட்டில் திரும்பத் திரும்ப ஒரே குறை: எந்த மாடல் என்று சொல்லவே இல்லை.

கதை இப்போது தெளிவு. வீடியோ பராமரிப்பைப் பற்றியது, தலைப்பு வாங்குவதைப் பற்றியது. கடைக்குப் போகத் தயாராக இருந்தவர்கள் அந்தத் தலைப்பை நம்பி வந்து ஏமாந்தார்கள். பேசுபொருள் இந்தச் சேனலின் ஆட்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. தலைப்பை "மின்சார சைக்கிள் வைத்திருந்தால் என்னென்ன பராமரிப்பு?" என்று மாற்ற வேண்டும், அடுத்த வீடியோவைப் பேட்டரி பற்றியே போட வேண்டும். டிஸ்லைக்கைப் பார்த்து விட்டிருந்தால் நல்ல விஷயம் ஒன்று கைநழுவியிருக்கும்.

இரண்டாவது வீடியோ சைக்கிள் பந்தயச் செய்திகள். 95 லைக், 2 டிஸ்லைக். விகிதம் 2 சதவீதம், வழக்கத்தைவிடவும் குறைவு. கமெண்ட்டில் "வாராவாரம் போடுங்கள்" என்று பலர். முப்பது விநாடி எண் 71, அதுவும் வழக்கத்தைவிட மேல். ஸ்டூடியோவில் உள்ள லைக் அட்டையை மட்டும் பார்த்தால் வாராவாரம் போட வேண்டியதுதான்.

ஆனால் முதல் 48 மணி நேர முகப்பு சிடிஆர் 2.4. நான்காம் நாள் இம்ப்ரெஷன் 600. வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. தம்ப்நெயிலை மூன்று விதமாக மாற்றி ஓட்டியும் 3-ஐத் தாண்டவில்லை. நடந்தது என்னவென்றால், பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பந்தயம் பிடித்தவர்கள் ஒரு சிறு பகுதி. அவர்கள் மட்டும் உள்ளே வந்தார்கள், மகிழ்ந்தார்கள், லைக் போட்டார்கள். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். தாண்டிப் போனவர் டிஸ்லைக் போட வழியே இல்லை, ஏனென்றால் அவர் அந்தப் பக்கத்துக்கே வரவில்லை. டிஸ்லைக் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணமே மறுப்பு வாசலிலேயே முடிந்துவிட்டதுதான்.

இரண்டில் எது பொருந்தாத பேசுபொருள் என்றால் இரண்டாவதுதான். டிஸ்லைக் அட்டை சொன்னதற்கு நேர் எதிர்.

படி 6: ஒரு வீடியோவை வைத்து முடிவு கட்டாதீர்கள்

மேலே உள்ள பந்தய வீடியோவைக்கூட நான் உடனே கைவிடச் சொல்ல மாட்டேன். அதே பேசுபொருளை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே விரும்பும் கோணத்திலிருந்து இன்னொரு முறை சோதிக்க வேண்டும். செய்தியாகச் சொல்லாமல், "பந்தய சைக்கிளின் செயினை ஏன் அப்படித் துடைக்கிறார்கள்?" என்று போட்டுப் பார்க்கலாம். முகப்பு சிடிஆர் வழக்கத்துக்குத் திரும்பினால், பந்தயம் என்ற பேசுபொருள் தடையாக இருக்கவில்லை, செய்தி என்ற வடிவம்தான் தடையாக இருந்தது. இந்த முறையும் கீழேயே இருந்தால் பேசுபொருள்தான்.

சோதனைக்கு முன்பே எந்த எண்ணுக்குக் கீழே போனால் விடுவேன் என்று எழுதி வையுங்கள். "முகப்பு சிடிஆர் வழக்கத்தில் முக்கால் பங்குக்குக் கீழே இரண்டு முறை போனால் நிறுத்துவேன்" என்பது போல ஒரு வரி போதும். முக்கால் என்பது நான் வைக்கும் அளவு, உங்கள் பத்து வீடியோக்களே இயல்பாக எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று பார்த்து அதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். முன்கூட்டியே எழுதாவிட்டால், பிடித்த விஷயத்துக்கு எண்களில் எப்படியாவது ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிடுவோம்.

இரண்டு சோதனைக்கு நடுவே உங்கள் வழக்கமான வீடியோ ஒன்றையாவது போடுங்கள். இரண்டும் அடுத்தடுத்து வந்து இரண்டும் விழுந்தால், பேசுபொருளால் விழுந்ததா, அந்த வாரமே எல்லாம் விழுந்ததா என்று தெரியாது. நடுவில் வந்த வழக்கமான வீடியோ சரியாக ஓடியிருந்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

சப்ஸ்கிரைபர் போவதை எப்படி எடுத்துக்கொள்வது

டிஸ்லைக்கைவிட இது கனமான சைகை. ஆனால் இதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. ஒரு வீடியோவின் பெயரில் எழுதப்படுவது அந்த வீடியோவின் பக்கத்திலிருந்தே விலகியவர்கள் மட்டும். சேனல் பக்கத்துக்குப் போயோ, தன் சந்தா பட்டியலிலிருந்தோ எடுத்தவர் இதில் வர மாட்டார். அதனால் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

போனவர்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, வந்தவர்களும் வழக்கத்தைவிட அதிகம் என்றால், பேசுபொருள் உங்கள் பார்வையாளர்களை இரண்டாகப் பிரிக்கிறது. இங்கே பொருந்துகிறதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. யாருக்காக இந்தச் சேனல் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதை எந்த எண்ணும் செய்து தராது. வந்தவர்களின் அடுத்த நடத்தையைப் பார்த்தால் கொஞ்சம் உதவும். புதிய பேசுபொருளுக்காக வந்தவர்கள் உங்கள் பழைய வகை வீடியோவைத் தொடவே இல்லை என்றால், ஒரே சேனலில் இரண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வீடியோவும் பாதிப் பேருக்கு நாட் இன்ட்ரஸ்டட் ஆகும். அந்த நிலையில் தனிச் சேனல் தொடங்குவதே இருவருக்கும் நல்லது. போனவர்கள் அதிகம், வந்தவர்கள் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் பிரிக்க ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்.

ஷார்ட்ஸுக்கு ஒரு திருத்தம்

ஷார்ட்ஸில் மேலே சொன்ன வாசல் பிரிவினை அப்படியே பொருந்தாது. அங்கே யாரும் தம்ப்நெயிலைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை, வீடியோ தானாகவே ஓடத் தொடங்குகிறது. டிஸ்லைக் பொத்தானும் அதே திரையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஆகவே வெளியே நடக்கும் மறுப்பும் உள்ளே நடக்கும் மறுப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். அங்கே முகப்பு சிடிஆருக்குப் பதில், பார்க்க நின்றவர்கள் எத்தனை, தள்ளிவிட்டுப் போனவர்கள் எத்தனை என்ற விகிதத்தை எடுங்கள். உங்கள் ஷார்ட்ஸுக்குத் தனியே பத்து எடுத்து வழக்கத்தைக் கணக்கிடுங்கள், நீள வீடியோவின் பட்டியலோடு சேர்க்காதீர்கள். முதல் இரண்டு விநாடியில் திரையில் என்ன தெரிகிறது என்பதே தள்ளுவதைப் பெரிதும் தீர்மானிக்கும் என்பதால், பேசுபொருளைத் தீர்ப்பிட ஷார்ட்ஸ் ஒரு பலவீனமான கருவி. அதில் தோற்ற விஷயத்தை நீள வீடியோவில் ஒரு முறை சோதிக்காமல் விலக்க வேண்டாம்.